மூலை சரியாக விழ வேண்டும், பாப்பா

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரம் மனையில் வீட்டுக்கு முளை அடிக்கப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அன்று நான் அங்கே இருக்க முடியாது. மேஸ்திரி பார்த்துக்கொள்வார். ஆனாலும் மூலை எப்படிப் போடுகிறார்கள் என்று நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டால் அதன்பிறகு அதைத் திருத்த முடியாது.

மூன்று, நான்கு, ஐந்து கணக்கு உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5 வந்தால் அந்த மூலை செங்கோணம். மனையில் அதை எவ்வளவு பெரிதாகப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிலர் 3 அடி, 4 அடி என்று அளந்துவிட்டு, அங்கிருந்து நூலைக் கடைசிவரை இழுத்துவிடுவார்கள். அந்தக் குறுக்கு அளவில் கால் அங்குலம் பிசகினால்கூட, 22 அடி தள்ளி இரண்டேகால் அங்குலம் விலகிப் போயிருக்கும். L வடிவ மூலைமட்டத்தை வைத்து நூல் பிடித்தாலும் இதே கதைதான். அதன் கை அவ்வளவு சிறியது.

உன் வீடு 22 அடிக்கு 35 அடி. அதனால் எல்லாவற்றையும் ஆறால் பெருக்கி, 18, 24, 30 என்று வைக்கச் சொல். அதே கால் அங்குலப் பிசகு அப்போது 22 அடியில் அரை அங்குலம்கூட வராது.

தெற்கே சாலை இருப்பதால், முதல் நூலைக் கிழக்குப் பக்கம் 35 அடி நீளத்துக்குக் கட்டட்டும். நீளமான நூலில் திசை அவ்வளவாகப் பிசகாது. எல்லைக்கற்களை நம்பி மூலை போடாதே. மனை பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும், வீடு அப்படி இருக்கக் கூடாது. தென்கிழக்கு முளையின் தலையில் ஓர் ஆணி. அங்கிருந்து நூலோடு வடக்கே 24 அடியில் இன்னோர் ஆணி. இப்போது தென்கிழக்கு ஆணியிலிருந்து ஒரு டேப்பில் 18 அடி, வடக்கு ஆணியிலிருந்து இன்னொரு டேப்பில் 30 அடி பிடித்து, இரண்டையும் மேற்கே இழுத்தால் ஓர் இடத்தில் கூடும். அதுதான் புள்ளி. தென்கிழக்கு ஆணியிலிருந்து அதன்மேல் நூலைப் போட்டு 22 அடிக்கு நீட்டினால் தென்மேற்கு மூலை.

டேப் தரையோடு சரிந்து கிடக்கக் கூடாது, மட்டமாக நிற்க வேண்டும். உன் மனை பின்னால் இறங்குகிறது என்றாய். 35 அடியில் 3 அடி இறக்கம் இருந்தால், சரிவோடு அளந்த நீளம் உண்மையில் ஒன்றரை அங்குலம் குறைவாகத்தான் இருக்கும். தாழ்ந்த பக்கத்தில் டேப்பைத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு முளையில் குறிக்கச் சொல். துணி டேப் வேண்டாம், அது இழுத்தால் நீளும். ஸ்டீல் டேப்பே வாங்கு.

நான்காவது மூலைக்கு, வடகிழக்கிலிருந்து 22, தென்மேற்கிலிருந்து 35 பிடித்துப் புள்ளி வைத்ததும் இரண்டு குறுக்கு அளவையும் எடு. இரண்டும் 41 அடி 4 அங்குலம் வர வேண்டும். குறுக்களவு இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்காதே. வடக்குப் பக்கம் தெற்குப் பக்கத்தைவிடச் சிறுத்திருந்தாலும் அவை சமமாக வரலாம். நான்கு பக்கத்தையும் முதலில் அளந்துவிட்டு அப்புறம் குறுக்கே பார்.

தென்கிழக்கு-வடமேற்கு 41 அடி 6 அங்குலமும், மற்றது 41 அடி 2 அங்குலமும் வந்தால், மேற்குப் பக்கம் வடக்கே நகர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். கிழக்கு முளைகளைத் தொடவே வேண்டாம். மேற்கு முளை இரண்டையும் ஒரே அளவு தெற்கே நகர்த்த வேண்டும். எவ்வளவு என்றால், வித்தியாசத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. இங்கே நாலு அங்குல வித்தியாசத்துக்கு இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். நகர்த்திய பிறகு திரும்ப அளக்கச் சொல். இதைச் சோம்பலில் விட்டால், டைல்ஸ் போடும் நாளில் சுவரோரம் ஒரு முனையில் முழு டைலும் மறுமுனையில் வெட்டிய துண்டுமாக வரும். ஆயுசுக்கும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

எல்லாம் சரியான பிறகு, அதே நூலை இரு பக்கமும் நீட்டி, வானத்துக்கு வெளியே மூன்று நாலு அடி தள்ளி முளை அடித்துவைக்கச் சொல். மூலை முளைகள் தோண்டும்போது போய்விடும். வெளியே இருப்பவற்றில் நூலைக் கட்டினால் மூலை மறுபடி கிடைக்கும். மண் கொட்டுகிறவர்கள் அவற்றைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

குறுக்களவு இரண்டையும் எழுதி எனக்கு அன்றைக்கே போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா