உன்னைக் கேட்காமல் விற்ற பகிடி

நானுஓயா ரயில் நிலையப் பலகையை நீ வாசித்ததுதான் சரி, நான் திருத்தியதுதான் பிழை. இதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் பிடித்திருக்கிறது. அதுவும் முன்பின் தெரியாத இரண்டு பேர் கலியாணக் கார்டோடு என் மொழிபெயர்ப்பு மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததால்தான்.

தமிழில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. சிங்களத்தில் எழுதினால் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். தமிழென்றால் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வருவாய், அந்த நேரம் எனக்கு வேண்டும். பேர் எழுத மாட்டேன், உன் ஊரும் எழுத மாட்டேன். என் சித்தி மகள்கள் மூன்று பேரும் இதை வாசிப்பார்கள், அதில் ஒருத்திக்கு வாய் சும்மா இருக்காது.

சரி, கார்டு. பெண் யாழ்ப்பாணம், மாப்பிள்ளை கண்டிப் பக்கத்துச் சிங்களப் பையன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் சிங்களம். தமிழ்ப் பக்கத்தின் தலையில் பெண் ஒரு வரி போட்டிருந்தாள், அது சிங்களப் பக்கத்திலும் வேண்டுமாம், "அதே மாதிரி, சிரிப்பு வர்ற மாதிரி". என்ன வரி என்று பார்த்தால், "நீரின்றி அமையாது உலகு".

உனக்கு இப்போது சிரிப்பு வந்திருக்கும். இல்லாவிட்டால் கோபம்.

எனக்கு அது சொந்தச் சரக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். விடுதியில் என் அறைத் தோழன் யாழ்ப்பாணத்தான், அவன் தன் ஆளிடம் போனில் "நீர் சாப்பிட்டீரா" என்று குழைவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த நீர் தொற்றியது. நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் நடுவில் ஒரு திண்ணை போல அங்கே அந்தச் சொல் இருக்கிறது, புருஷன் பெண்சாதிக்குள் புழங்குகிற சொல். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது கிடையாது. அதே வரியை அம்மாவிடம் வாசித்தால் பைப்பில் தண்ணி வரவில்லையா என்றுதான் கேட்பார். அதாவது தமிழிலிருந்து தமிழுக்கே போய்ச் சேராத சிலேடையை நான் உனக்குச் சிங்களத்தில் கொண்டுவந்து தரப் பார்த்தேன், ரயிலில், ஜன்னலோரத்தில், அட்டனில் தொடங்கி கொட்டகலை தாண்டியும். வள்ளுவர் யார், இருபதாவது குறள் எது, மழை இல்லாவிட்டால் என்ன ஆகும், யாழ்ப்பாணத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள். நீ தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாய். தலவாக்கலையில் நான் இறங்க வேண்டும், இறங்கவில்லை. அது ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

நானுஓயாவில் வண்டி நின்றது. இந்த இடம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, பலகையில் மூன்று மொழி, அடியில் பாசி, நீ அதை விரலால் தொடுவது போலக் காற்றில் தொட்டாய். அந்த மாதம்தான் தமிழ் எழுத்து படிக்கத் தொடங்கியிருந்தாய். "நா-னு" என்றாய், உன் நெஞ்சைத் தொட்டாய். "ஓ-யா" என்றாய், என்னைக் காட்டினாய். அப்புறம் சிரித்தாய். நான், நீ. பாதி தமிழ், பாதி சிங்களம்.

நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருந்தால் நல்லது. மறந்திருக்க மாட்டாய். "அது ஒயா இல்லை, ஒய. ஆறு. குறில்தான், மேலே சிங்களத்தில் எப்படி எழுதியிருக்கிறது பார்" என்றேன். உன் மொழியில் உனக்கே பாடம்.

இப்போது அந்த மேசைக்கு வா. நான் அந்த வரிக்கு எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். முதலில் நேரடியாக மாற்றிப் பார்த்தேன், தண்ணீரைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்கிற அறிவித்தல் மாதிரி வந்தது. அடிக்குறிப்புப் போடலாம் என்றேன், கலியாணக் கார்டில் அடிக்குறிப்பா என்று பெண் முறைத்தாள், நியாயம்தான். பிறகு ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் எழுதினேன். இடது பக்கம் தண்ணீருக்குச் சிங்களத்தில் உள்ள சொற்கள்: வத்துர, ஜலய, திய, பென். வலது பக்கம் ஆளைக் கூப்பிடுகிற சொற்கள்: உம்ப, ஒயா, நும்ப, ஒப. இரண்டு பக்கமும் எங்கேயாவது முட்டுகிறதா என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதுதான் வேலை, கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது. எதுவும் முட்டவில்லை. இந்த இடத்தில்தான் அநேகம் பேர் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, சிலேடையின் இரண்டு காலில் ஒன்றை ஊன்றி மற்றதை நகர்த்த வேண்டும். 'நீ' நகராது, அது இல்லாமல் காதல் இல்லை. 'தண்ணீர்' நகரலாம், தண்ணீர் ஓடுகிற இடத்துக்கு. கங்க, எல, வெவ என்று எழுதிக்கொண்டே வந்தேன், அடுத்து ஒய என்று எழுதினேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அது நீ பதினொரு வருடத்துக்கு முன் எனக்குச் செய்துகாட்டியது. நான் விளக்கு விளக்கென்று விளக்கிய அதே பகிடியை, தண்ணீரும் நீயும் ஒரே சொல்லாகிற அதை, நீ பதிலே சொல்லாமல் உன் மொழியில் பிடித்துத் திருப்பித் தந்திருக்கிறாய், அதுவும் தமிழ்ப் பலகையில் இருந்து. நான் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட வெட்கம், பிழையே இல்லை. சிங்களப் பலகையில்தான் அது குறில். தமிழில் ஓயா என்றுதான் எழுதுகிறோம், மகா ஓயா, கொத்மலை ஓயா, உமா ஓயா எல்லாமே நெடில்தான். நீ வாசித்தது தமிழை.

வந்த வரி இது: "ஒய நெத்துவ கங்கக் நே, ஒயா நெத்துவ மமத் நே." (தமிழில் வாசிக்கிறவர்களுக்கு: ஓடை இல்லாமல் ஆறு இல்லை, நீ இல்லாமல் நானும் இல்லை.) கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதானே களனி கங்கை, அதனால் சொல்லும் பொய்யில்லை. குறள் போய்விட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது, சிங்களப் பிள்ளைகள் அதைப் பள்ளியில் பாடம் பண்ணியதில்லை. அதற்குப் பதிலாகப் பழமொழி போல ஒலிக்கட்டும் என்று இரண்டு பாதியையும் ஒரே அளவில் வைத்தேன். ஒயா என்பது உம்ப போலக் கரடும் இல்லை, ஒப போல மேடையும் இல்லை, யாழ்ப்பாணத்து நீர் உட்காருகிற திண்ணையிலேயே அதுவும் உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் தங்கையிடம் ஒன்றும் சொல்லாமல் வாசிக்கக் கொடுத்தோம். முதல் தடவை சும்மா வாசித்தாள். பிறகு கண் திரும்ப முதல் சொல்லுக்குப் போனது, சிரித்தாள். கண் திரும்பிப் போனால் வரி வேலை செய்கிறது என்று அர்த்தம், யாராவது விளக்கிய பிறகு சிரித்தால் அது மரியாதைக்குச் சிரிப்பது.

நீ ஒருநாள் சிரிக்காமல் விட்டதும் நினைவிருக்கிறது. "நீ வராத நாள் எனக்கு அரைப்பேர்" என்று எழுதினேனே. பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம், செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் அரைப்பேர், நீ வராத நாள் என் பேரிலும் பாதிதான் மிச்சம், அவ்வளவுதான் விஷயம். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல சிலேடை அது. நீ என்ன அர்த்தம் என்று கேட்டாய், நான் அம்மாவின் கொழுந்துக் கூடையில் இருந்து தொடங்கினேன், பாதியில் உன் கண் கலங்கிவிட்டது. எனக்கு அன்று வந்த எரிச்சலை இப்போதுதான் எழுதுகிறேன்: நான் உன்னிடம் கேட்டது சிரிப்பு, நீ தந்தது பரிதாபம். அதைப் பிறகு உன் சிநேகிதிகளிடம் வேறு சொல்லியிருக்கிறாய், சோகக் கதையாக. தோட்டத்துப் பையன் பகிடி விடக் கூடாதா? அரைப்பேருக்கு ஈடாகச் சிங்களத்தில் இன்னும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, சொல்லைக் கொண்டுபோனால் சம்பளமும் கூடவே வருகிறது, சம்பளம் வந்ததும் பகிடி செத்துவிடுகிறது.

திங்கள் மட்டும் நமக்குக் கஷ்டம் தரவில்லை, இல்லையா. இரண்டு மொழியும் அந்தக் கிழமைக்கு நிலவின் பேரைத்தான் வைத்திருக்கின்றன, சந்தவும் சந்துதாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. திங்களைப் பார்க்கத் திங்கள் வரை பொறுக்க வேண்டுமா என்று எழுதியதற்கு உடனே பதில் வந்தது. என்ன பதில் என்று இங்கே எழுத முடியாது.

கார்டு கதை இன்னும் முடியவில்லை. முதல் புரூப் வந்தபோது பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒயா. கணினியில் அடித்த தம்பி, யாரோ எழுத்துப்பிழை விட்டிருக்கிறார்கள் என்று நல்ல மனதோடு திருத்தியிருக்கிறார். அவரைத் திட்ட வாயெடுத்து மூடிக்கொண்டேன், நானே அந்த வேலையை ரயிலில் இலவசமாகச் செய்தவன். முதலாவதைத் திரும்ப ஒய ஆக்கி, இரண்டாவது ஒயாவின் கடைசிக் கோட்டை மட்டும் பொன் மையில் போடச் சொன்னேன், இனி யாரும் அதைப் பிழை என்று நினைக்க மாட்டார்கள். கோட்டை மறைத்தால் ஓடை, விரலை எடுத்தால் நீ. பெண் அப்படி மறைத்து மறைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோட்டுக்கு நீங்கள் எலபில்ல என்பீர்கள். எங்களுக்கு அதன் பேர் துணைக்கால். ஓடைக்கு ஒரு துணை சேர்ந்தால் நீ என்று இரவு படுத்த பிறகு தோன்றியது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மொழிபெயர்ப்புக் கூலி 3000 ரூபாய் தந்தார்கள், வாங்கிக்கொண்டேன். உன்னுடையது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் மாப்பிள்ளை "அண்ணன், எப்படி இது தோன்றியது" என்று கேட்டபோது பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள், கதை நீளும் என்று "தொழில்தானே தம்பி" என்றேன். அதற்கும் மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நீயும் அன்று சண்டை போட்டிருக்கலாம், என் திருத்தத்தைக் கேட்டுப் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், நான் இறங்கி பஸ் பிடித்துத் தலவாக்கலைக்குத் திரும்பும் வரைக்கும் என் இலக்கணம்தான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு கார்டு எடுத்து வைத்திருக்கிறேன். துணைக்கால் சிலேடையைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, எலபில்லவில் துணை இல்லை. தாளை மடித்து இரண்டு பக்கமும் எழுதியாயிற்று, இதுவரை எதுவும் முட்டவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது, திருத்த மாட்டேன்.