கடைசி பில் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் வீட்டு இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களின் பில் பிரிவினருக்கு, வணக்கம்.

இணைப்பை வெட்டச் சொன்ன பிறகு நீங்கள் அனுப்பும் கடைசி பில்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒட்டுசுட்டானில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டினா. மொத்தம் 9,000 ரூபா. உண்மையில் அவவுக்குத்தான் நீங்கள் காசு தர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மாத வாடகை வரியோடு 1,800 ரூபா. அதாவது யூன் மாதத்துக்கு நாளுக்கு 60. அவ யூன் 10ஆம் திகதி மாங்குளத்தில் பஸ் மாறிக் கிளிநொச்சிக் கிளைக்குப் போய், வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்து, றவுட்டரையும் அடாப்டரையும் அங்கேயே ஒப்படைத்தா. பழைய பாக்கி எதுவும் இல்லை. பத்து நாள் வாடகை 600 ரூபா. இணைப்பு எடுக்கும்போது கட்டிய வைப்புப் பணம் 3,000. கழித்தால் அவவுக்குத் திரும்ப வேண்டியது 2,400.

உங்கள் பில்லிலோ வாடகை 25 நாளுக்கு, 1,500 ரூபா. கவுண்டரில் கடிதம் வாங்கிய நாளை விட்டுவிட்டு, கணினியில் இணைப்பை மூடிய நாளை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் தாமதத்துக்கு அவ ஏன் வாடகை கட்ட வேண்டும்? அடுத்த வரியில், றவுட்டர் திரும்பி வரவில்லை என்று 7,500. வைப்புப் பணம் பில்லில் எங்கேயும் இல்லை. கேட்டால், அது வேறு கணக்காம், மீளப்பெற தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டுமாம்.

இதில் பெரிய இடி றவுட்டர்தான். கிளையில் கொடுத்த துண்டில் "றவுட்டர் 1 பெறப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம் அதில் இல்லை. அந்த இலக்கம் கணக்கில் பதியப்படாத வரைக்கும், பெட்டி உங்கள் அலுமாரியிலேயே கிடந்தாலும், கணினிக்கு அது அக்கா வீட்டில்தான் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், சரி. ஆனால் இந்தத் துண்டை வைத்துக்கொண்டு எந்த றவுட்டர் என்று அவ எப்படிக் காட்டுவா?

நான் கேட்பது ஒரு துண்டுக் கடதாசி. றவுட்டரை வாங்கும்போதே அதில் தொடரிலக்கத்தையும், அடாப்டர் வந்ததா என்பதையும், வாடகை நிற்கும் திகதியையும் எழுதி முத்திரை குத்துங்கள். அந்தத் திகதி கடிதம் வாங்கிய திகதியாகவே இருக்கட்டும். வைப்புப் பணத்தைக் கடைசி பில்லிலேயே கழித்து, மிச்சத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். துணுக்காயிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கிறவர்கள் இதற்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது.

அக்காவின் பில்லையும் துண்டின் பிரதியையும் கிளைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். 2,400 ரூபாவுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாடிக்கையாளர்