வெட்டுப்பட்ட அட்டவணையிலும் விடை இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதக் கல்வி இணைப்பில் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் மாதிரி வினாத்தாளில், பனையோலைக் கூடை செய்யும் பட்டறை பற்றிய கணக்கு ஒன்று இருந்தது. அதன் அட்டவணையில் கடைசி நிரல் பக்க ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. அடுத்த இதழில் 'அட்டவணை முழுமையாக அச்சாகவில்லை, இந்தக் கேள்வியை மாணவர்கள் விட்டுவிடவும்' என்று குறிப்பு போட்டிருந்தீர்கள். தவறை ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் அந்த வெட்டுப்பட்ட தாளை வைத்தே முழு விடையும் கண்டுபிடித்தோம். எப்படி என்பதை எழுதுகிறேன்.

அட்டவணையில் மூன்று நிரல்கள். முதலாவது கூடைகளின் எண்ணிக்கை, 0 முதல் 6 வரை. இரண்டாவது இறுதிநிலைச் செலவு, அதாவது கூடுதலாக ஒரு கூடை செய்ய ஆகும் செலவு. அது முதல் கூடையில் தொடங்கி 60, 40, 30, 50, 70, 90 என்று முழுமையாக இருந்தது. மூன்றாவது நிரலின் தலைப்பில் 'மொத்' என்பது மட்டும் மிச்சம். அதன் கீழே ஒவ்வொரு வரியிலும் ஓர் இலக்கம்தான் தெரிந்தது: 1, 1, 2, 2, 2, 3, 4. ஒரு கூடையின் விலை 75 ரூபாய். எத்தனை கூடை செய்தால் லாபம் அதிகம், அந்த லாபம் எவ்வளவு என்பவை முதல் இரண்டு உட்பிரிவுகள்.

வகுப்பில் முதலில் நடந்த தவறைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி அந்த 1, 1, 2, 2, 2, 3, 4 என்பதையே முழு எண்களாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டாள். அவள் மேல் குற்றமில்லை. ஓரத்தில் வெட்டுப்பட்ட எண் பார்வைக்கு முழு எண் போலத்தான் இருக்கும். பக்கத்து நிரலோடு ஒப்பிட்டால்தான் குட்டு உடையும். முதல் இரண்டு கூடைகளுக்கு மட்டும் 60-உம் 40-உம் சேர்த்து 100 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது. அப்படியிருக்க, மூன்றாவது நிரல் 1-இலிருந்து 2-க்கு ஏறினால் போதுமா? போதாது. ஆகவே அவை எண்களின் முதல் இலக்கங்கள் மட்டுமே.

அடுத்து, 'மொத்' என்பது எதன் தொடக்கம்? மொத்தச் செலவா, மொத்த வருவாயா, மொத்த மாறும் செலவா? இதற்கு முதல் வரியைப் பார்த்தால் போதும். ஒரு கூடைகூடச் செய்யாத நிலையில் வருவாயும் பூஜ்யம், மாறும் செலவும் பூஜ்யம். அங்கே 1 என்று தொடங்கும் எண் இருப்பதால் அது மொத்தச் செலவாகத்தான் இருக்க முடியும். உற்பத்தியே இல்லாதபோதும் ஆகும் செலவு என்பதால், அந்த முதல் வரி எண்தான் பட்டறையின் மாறாச் செலவு. வாடகை மாதிரி. நமக்குத் தெரியாத ஒரே எண்ணும் அதுதான்.

இறுதிநிலைச் செலவை வரிசையாகக் கூட்டினால் மாறும் செலவு கிடைக்கிறது: 60, 100, 130, 180, 250, 340. இவை ஒவ்வொன்றோடும் மாறாச் செலவைக் கூட்டினால் மொத்தச் செலவு. அந்த மொத்தம் எந்த இலக்கத்தில் தொடங்க வேண்டும் என்று தாளிலேயே தெரிகிறதே, அதுதான் எங்களுக்குக் கிடைத்த பிடி. இரண்டு கூடைகளுக்கான மொத்தம் 2-இல் தொடங்குகிறது. ஆகவே மாறாச் செலவோடு 100 சேரும்போது குறைந்தது 200 வர வேண்டும். மாறாச் செலவு 100-க்குக் குறையாது என்று ஆயிற்று. நான்கு கூடைகளுக்கும் மொத்தம் 2-இல்தான் தொடங்குகிறது. அங்கே 180 சேர்த்தும் 300-ஐத் தொடக்கூடாது. ஆகவே மாறாச் செலவு 120-க்குக் கீழே. மற்ற வரிகள் இதற்கு மேல் எதையும் சுருக்கவில்லை, முரண்படவும் இல்லை. இவையெல்லாம் மூன்றிலக்க எண்கள்தானா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. மாறாச் செலவு 10-க்கும் 19-க்கும் இடையில் என்றால் ஒரு கூடையின் மொத்தச் செலவு எழுபதுகளில் வந்து 7-இல் தொடங்கும். ஆயிரத்துச் சொச்சம் என்றால் 340 சேர்த்து 4-இல் தொடங்க வைக்க முடியாது. மூன்றிலக்கம் மட்டுமே பொருந்துகிறது.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். எத்தனை கூடை என்பதற்கு மாறாச் செலவே தேவையில்லை. ஐந்தாவது கூடைக்கு 70 ரூபாய் செலவு, 75 ரூபாய் வரவு. செய்யலாம். ஆறாவதற்கு 90 ரூபாய் செலவு. கூடாது. விடை 5. வாடகை 100 ஆனாலும் 119 ஆனாலும் இது மாறாது. குறுகிய காலத்தில் எவ்வளவு உற்பத்தி செய்வது என்ற முடிவை மாறாச் செலவு பாதிக்காது என்று பாடத்தில் படிக்கிறோம். இந்த வெட்டுப்பட்ட தாளில் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பதினான்கு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன், முழு அட்டவணை கொடுத்தபோது ஒரு வகுப்பிலும் இது இவ்வளவு தெளிவாகப் பதிந்ததில்லை.

லாபம் எவ்வளவு என்பதற்குத்தான் மாறாச் செலவு வேண்டும். வருவாய் 375, மாறும் செலவு 250, மிச்சம் 125. அதிலிருந்து மாறாச் செலவைக் கழிக்க வேண்டும். முழு ரூபாயில் பார்த்தால் லாபம் 6 ரூபாய்க்குக் குறையாது, 25 ரூபாய்க்கு மிஞ்சாது. இங்கேதான் பலர் சறுக்கினார்கள். எண்கள் எல்லாம் பத்துப் பத்தாக வருகின்றன, மாறாச் செலவும் 100-ஆகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, லாபம் 25 என்று எழுதினார்கள். பத்துப் பத்தாக என்றே வைத்துக்கொண்டாலும் 110-உம் பொருந்துமே! அட்டவணையை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது '6 முதல் 25 வரை' என்பதுதான்.

அப்புறம் நான் அவர்களை மூன்றாவது உட்பிரிவைப் படிக்கச் சொன்னேன். '5 கூடைகள் செய்யும்போது சராசரிச் செலவு 72 ரூபாய் எனச் சரிபார்க்க' என்று இருந்தது. சரிபார்க்கச் சொல்லும் எண் நமக்குத் தரவாகிவிடுகிறது. ஐந்து எழுபத்திரண்டு 360. அதில் 250 மாறும் செலவு. மாறாச் செலவு 110. லாபம் 15 ரூபாய். மொத்தச் செலவு நிரல் 110, 170, 210, 240, 290, 360, 450 என்று முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. முதல் இலக்கங்கள் 1, 1, 2, 2, 2, 3, 4. ஏழும் பொருந்துகின்றன. லாபத்தை நேரடியாகவும் பார்த்தோம்: 4 கூடைக்கு 10, 5 கூடைக்கு 15, 6 கூடைக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது உட்பிரிவை இனி 'சரிபார்த்தேன்' என்று எழுத முடியாது. அந்த எண்ணை நாம் ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்திவிட்டோம். அதை விடைத்தாளில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

தேர்வு அறையில் இப்படி ஒரு தாள் கிடைத்தால் முதலில் எழுந்து கண்காணிப்பாளரிடம் வேறு தாள் கேட்க வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. நான் சொல்வது வீட்டில் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு. ஜெராக்ஸ் எடுத்த தாள்களில் ஓரம் போவது எங்களுக்கு வாராவாரம் நடக்கிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கேள்வியை ரத்து செய்த அந்தக் குறிப்பைத் திருத்தி, மாறாச் செலவு 110 ரூபாய் என்ற ஒரு வரியை அடுத்த இணைப்பில் போடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மூன்றாவது உட்பிரிவையும் முறைப்படி சரிபார்க்கலாம். இனி அட்டவணை வரும் பக்கங்களில் வலது ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். இணைப்பை நடுவில் மடித்து ஓரம் வெட்டும்போது உள்பக்கங்கள்தான் அதிகம் வெட்டுப்படுகின்றன. இந்தக் கணக்கும் உள்பக்கத்தில்தான் இருந்தது.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்புப் பொருளியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்