வடிகால் மூடியைத் திறந்த அக்காவுக்கு

வீட்டிலிருந்து தண்ணீர் இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. சுவரில் ஈரக்கோடு இன்னும் காயவில்லை.

அம்மாவை மாடிக்குத் தூக்கிப் போன பக்கத்து வீட்டுத் தம்பிகள், மூன்று வேளையும் சோறு போட்ட மாடி வீட்டு அத்தை, இன்வெர்ட்டரில் தெருவுக்கே போன் சார்ஜ் போட்டுக் கொடுத்த மருந்துக்கடை அண்ணன், எல்லாருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு. மழை சற்று விட்ட நேரத்தில், யாரும் கூப்பிடாமலே கடப்பாரையோடு வந்தீர்கள். மோட்டார் கேட்டு நாங்கள் போன் செய்துகொண்டிருந்தோம். நீங்கள் நடைபாதை ஓரம் தண்ணீர் இறங்கும் சல்லடையைக் கையால் தடவி, பால் பாக்கெட்டுகளையும் இலைகளையும் வழித்துப் போட்டீர்கள். தண்ணீர் சுழித்து இறங்கியது. பத்தே நிமிடத்தில் நின்றுவிட்டது. "மேல அடைப்பு எடுத்தாச்சு. உள்ளேயும் இருக்குது," என்றீர்கள்.

பிறகு தம்பிகளை வைத்து வடிகால் மூடிகளை வரிசையாகத் திறந்தீர்கள். மூன்று மூடிவரை தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது. நான்காவதில் கால்வாசிதான். "இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்." மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தி, கொக்கிக் கம்பியால் இழுத்தபோது முதலில் வந்தது ஒரு சிமென்ட் சாக்கு. அதன் பின்னால் ஊதிப்போன நாப்கின்கள், கவர்கள், பிறகு மணல், மணல். "கவர் தனியா இருந்தா ஓடிரும் சார். மாட்டிக்க ஒண்ணு கிடைச்சா நின்னுடும். தண்ணி மெதுவானா மணல் படிஞ்சிரும்."

ஆவணியில் எங்கள் மாடி வேலைக்குத் தெருவோரம் மணல் கொட்டியது நாங்கள்தான். காலிச் சாக்குகளைக் காற்றில் விட்டதும் நாங்கள்தான். நீங்கள் யாரையும் திட்டவில்லை. கால்வாய் முனைவரை போய்ப் பார்த்துவிட்டு, "அங்க தண்ணி ஓடுது, நம்ம தண்ணியும் போயிரும். கால்வாயே நிறைஞ்சிருந்தா இதை எடுத்தும் பிரயோஜனம் இல்ல," என்று மட்டும் சொன்னீர்கள். இருட்டுவதற்குள் வாசற்படி தெரிந்தது. டீ கொண்டுவருவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டீர்கள்.

அக்கா, இனி கட்டட மணல் எங்கள் காம்பவுண்டுக்குள்தான் கிடக்கும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுப்போம். மழை அறிவிப்பு வந்தால் எங்கள் வாசல் சல்லடையை நானே வழித்துவிடுவேன். நீங்கள் எடுத்துப் போட்ட மேட்டை அப்படியே விட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும் என்று தம்பிகள் சொன்னார்கள். அன்றிரவே பதினோரு சாக்கில் அள்ளிக் கட்டி, எங்கள் கேட்டுக்குள் வைத்திருக்கிறோம். வண்டி வரும்போது நாங்களே ஏற்றிவிடுகிறோம்.