பெர்லின் மேசையும் முக்வாவாவின் மண்டையோடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கப் பங்கீடு பற்றிய தங்கள் சிறப்புக் கட்டுரையில், பெர்லின் மாநாட்டில் 14 நாடுகளின் தூதர்கள் வரைபடத்தை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கண்டத்தைப் பிரித்துக்கொண்டதாக எழுதப்பட்டிருந்தது. பள்ளிப் பாடங்களிலும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். நடந்தது வேறு. அது புரிந்தால்தான், ஆப்பிரிக்கர்களின் எதிர்ப்பு ஏன் சில ஆண்டுகள் கழித்து மூண்டது என்பதும் புரியும்.

1884 நவம்பர் 15 முதல் 1885 பிப்ரவரி 26 வரை ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் மாளிகையில் கூடியவர்களில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவின் சுல்தான் தமக்கும் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. முடிவில் கையெழுத்தான சாசனத்தில் 38 பிரிவுகள் உண்டு. இன்னாருக்கு இன்ன பகுதி என்று பங்கு போடும் பிரிவு அதில் கிடையாது. இருந்தது, இனிமேல் எப்படிப் பிடிப்பது என்பதற்கான விதி. ஆப்பிரிக்கக் கரையில் ஓர் இடத்தைப் பிடிக்கும் நாடு, கையெழுத்திட்ட மற்ற நாடுகளுக்குத் தகவல் தர வேண்டும் என்றது 34-ஆம் பிரிவு. அந்த மண்ணுக்கு உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சாசனம் கேட்கவில்லை. பிடித்த கரையோரத்தில் ஆட்சியை நிலைநாட்டவும் வேண்டும் என்றது 35-ஆம் பிரிவு.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு இன்றைய தான்சானியா நல்ல சாட்சி. மாநாடு தொடங்கிய சமயத்தில் கார்ல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் பெயரை மாற்றிக்கொண்டு சான்சிபார் வழியாக உள்நாட்டுக்குள் போனார். 1884 நவம்பர் 29 அன்று உசகராவில் மங்குங்கோ என்ற தலைவரிடம் ஒரு தாளில் அடையாளம் வாங்கினார். அது ஜெர்மன் மொழியில் எழுதியது. நட்பு ஒப்பந்தம் என்று தொடங்கி, நிலம் முழுவதையும் அதன் உரிமைகளோடு என்றென்றைக்கும் கொடுத்துவிடுகிறது. இத்தகைய தாள்களைக் காட்டித்தான் மாநாடு முடிந்த மறுநாளே, பிப்ரவரி 27 அன்று, ஜெர்மன் பேரரசரின் பாதுகாப்பு ஆணையை அவர் பெற்றார். சுல்தான் மறுப்புத் தெரிவித்தார். ஆகஸ்டில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சான்சிபார் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றதும் அவர் பணிய நேர்ந்தது. கிளிமஞ்சாரோவைச் சுற்றி வளையும் எல்லைக்கோட்டை பிரிட்டனும் ஜெர்மனியும் தங்களுக்குள் பேசி முடித்தது 1886-இல். மற்ற எல்லைகள் 1890 ஜூலை ஒப்பந்தத்தில் வந்தன. தங்கள் வரைபடத்தின் கீழ் ‘1885’ என்று போட்டிருப்பதைத் திருத்த வேண்டுகிறேன்.

தாளில் வந்த நிலத்தை நேரில் ஆளப் போனபோதுதான் அங்கிருந்த மக்கள் முதன்முதலாக இதைச் சந்தித்தார்கள். 1888-இல் பீட்டர்ஸ் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி கடற்கரைத் துறைமுகங்களைக் கைப்பற்ற வந்ததும் அபுஷிரி என்ற உள்ளூர்த் தலைவரின் தலைமையில் கரையோரம் கிளர்ந்தது. கம்பெனியால் சமாளிக்க முடியாமல் ஜெர்மன் அரசே படையோடு இறங்கியது. அடுத்து உள்நாட்டில் வணிக வழிகளைப் பிடித்து வைத்திருந்த ஹெஹே மக்களும் அவர்கள் தலைவர் முக்வாவாவும் எதிரே நின்றார்கள்.

1891 ஆகஸ்ட் 17 அன்று லுகாலோ என்ற இடத்தில் ஜெர்மன் தளபதி செலெவ்ஸ்கியின் படை ஒற்றையடிப் பாதையில் நீண்ட வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஈட்டி வைத்திருப்பவர்கள் துப்பாக்கிப் படையைத் தாக்கமாட்டார்கள் என்ற நினைப்பில் பீரங்கிகளைக் கழற்றிக் கழுதைகள்மேல் ஏற்றியிருந்தார்கள். ஹெஹே வீரர்கள் பாதையை ஒட்டிய புதரில் பதுங்கி, மிக நெருங்கியபின் பாய்ந்தார்கள். தொலைவிலிருந்து சுடுவதுதான் துப்பாக்கியின் பலம். அந்தத் தொலைவே இல்லாமல் போனதால் சில நிமிடங்களில் படை சிதறியது, செலெவ்ஸ்கி மாண்டார்.

ஆனால் முக்வாவாவின் கல்மதில் தலைநகரான கலெங்காவில் நிலைமை தலைகீழானது. மதில் ஈட்டியைத் தடுக்கும், பீரங்கிக் குண்டைத் தடுக்காது. 1894 அக்டோபர் 30 அன்று கோட்டை விழுந்தது. தப்பிய முக்வாவா ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மறைந்திருந்து போரிட்டார். அவர் தலைக்கு ஜெர்மானியர் வைத்த விலை 5,000 ரூபாய் (இந்திய ரூபாயை ஒட்டி அவர்கள் அடித்த நாணயம் அது). 1898 ஜூலை 19 அன்று, பிடிபடும் நிலையில் அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தலையை வெட்டி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள்.

எதிர்ப்பு அத்தோடு ஓயவில்லை. கட்டாயப் பருத்திச் சாகுபடியை எதிர்த்து 1905-இல் மூண்ட மாஜி மாஜி போரில் தெற்கில் பல இனங்கள் ஒன்று சேர்ந்தன. ஜெர்மானியர் பயிரையும் தானியத்தையும் எரித்ததால், குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பசியால் இறந்தவர்களே அதிகம்.

பிறகு வந்தது இன்னொரு மேசை. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 246-ஆம் பிரிவு, முக்வாவாவின் மண்டையோட்டை ஆறு மாதத்துக்குள் ஒப்படைக்கும்படி ஜெர்மனிக்குச் சொல்கிறது. யாரிடம்? ஹெஹே மக்களிடம் அல்ல, பிரிட்டிஷ் அரசிடம். கடைசியில் 1954-இல் ஜெர்மனியின் பிரேமன் நகர அருங்காட்சியகத்து மண்டையோடுகளில் ஒன்றை பிரிட்டிஷ் ஆளுநர் தேர்ந்தெடுத்து, முக்வாவாவின் பேரனிடம் கொடுத்தார். அது இன்று கலெங்காவில் இருக்கிறது.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்
கும்பகோணம்