அந்த மெசேஜுக்கு என்ன பதில் போடலாம்

கார்த்தி,

வேலை இருக்கிறது என்று ஒரு கன்சல்டன்சியிலிருந்து உனக்கு வந்த மெசேஜை நேற்று ராத்திரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். "ரெஸ்யூமே அனுப்பிடவாம்மா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஃபோனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்காமல் "சரிம்மா சரிம்மா" என்பாய், அதனால் எழுதுகிறேன். பத்தொன்பது வருஷம் கிண்டியில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அதே மாதிரி ஒரு கன்சல்டன்சியில் உட்கார்ந்து இதே மாதிரி மெசேஜ்களைத்தான் நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியாததா.

முதலில் அந்த மெசேஜை இன்னொரு முறை படி. முன்னணி பன்னாட்டு நிறுவனம், அருமையான வாய்ப்பு, சம்பளம் 'பெஸ்ட் இன் இண்டஸ்ட்ரி', அவசரம். அவ்வளவுதான் அவர்கள் கொடுத்தது. உன்னிடம் கேட்டது ரெஸ்யூமே, இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட். நீ ஜாவா பேக்எண்டா, டெஸ்டிங்கா என்றுகூட அதில் தெரியவில்லை. உன் பெயர் இருக்கும் இடத்தில் வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும், அப்படித்தான் அனுப்பியும் இருப்பார்கள்.

கம்பெனி பெயரை ஏன் சொல்வதில்லை தெரியுமா? ஆளைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். பெயரைச் சொன்னால் நீ நேராக அவர்கள் வெப்சைட்டில் போய் அப்ளை செய்துவிடுவாய், அந்தக் காசு போய்விடும். இந்தப் பயம் நியாயமானதுதான், அதற்காக எல்லாரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துவிடாதே. ஆனால் சில சமயம் வேலையே இருக்காது. நாளைக்கு ஒரு க்ளையன்ட் கேட்டால் கொடுக்க முப்பது ரெஸ்யூமே கையில் இருக்கட்டும் என்று சும்மா சேர்த்து வைப்பார்கள். நாங்களும் வேலை குறைந்த மாதங்களில் அதைச் செய்திருக்கிறோம்.

பெயர் தெரியாமல் ரெஸ்யூமே கொடுப்பதில் உனக்கு என்ன நஷ்டம் என்றால், கம்பெனிக்காரன் போர்ட்டலில் உன் ரெஸ்யூமேயை எந்த கன்சல்டன்சி முதலில் ஏற்றுகிறதோ அவர்களுக்கே நீ சொந்தம், பல இடங்களில் ஆறு மாதம் வரைக்கும். அந்த ஆறு மாதத்தில் உன் சிநேகிதன் அதே கம்பெனியில் உன்னை ரெஃபர் செய்தாலும் 'ஏற்கெனவே உள்ளது' என்று காட்டும். எங்களிடம் வந்த ஒரு பையன், நல்ல பையன், நாங்கள் இன்டர்வியூ தேதி வரை வாங்கிவிட்டோம். பார்த்தால் இரண்டு வாரம் முன்பே வேறொருவர் அவனைக் கேட்காமலே ஏற்றியிருக்கிறார். இரண்டு கன்சல்டன்சிக்கும் நடுவில் யாருக்குக் கமிஷன் என்று சண்டை வரும் என்று க்ளையன்ட் ஹெச்ஆர் அவனையே ஓரம் கட்டிவிட்டார்கள். என்னிடம் ஃபோனில் "மேடம், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான், சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது சம்பளம். க்ளையன்ட் அனுப்பும் தேவைப் பட்டியலில் 'பட்ஜெட்' என்று ஒரு வரி அநேகமாக எப்போதும் இருக்கும். இருந்தும் முதலில் உன் நம்பரைக் கேட்பார்கள். பட்ஜெட் 22 லட்சம் வரை என்று வைத்துக்கொள். நீ இப்போது 12 வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டால் அதன்மேல் 30 சதவீதம் போட்டு பதினைந்தரையில் பேச்சு ஆரம்பிக்கும், நீயும் சந்தோஷமாகச் சரி என்பாய். கமிஷன் சதவீதக் கணக்குதானே, நமக்குக் கூடினால் அவர்களுக்கும் நல்லதுதானே என்று நீ கேட்கலாம். உன் சம்பளம் 3 லட்சம் கூடினால் அவர்களுக்குக் கூடுதலாக வருவது 25,000 ரூபாய். பேரம் முறிந்தால் போவது ஒரு லட்சத்துக்கும் மேல். அப்படியானால் அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? நானும் சாய்ந்திருக்கிறேன்டா, பெருமையாகச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் கொலராடோவில் 2021 முதலும், கலிபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம். நம் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் இந்த மாதிரி ஒரு பதில் போடு, இங்கிலீஷில் நீயே எழுதிக்கொள்:

"தொடர்பு கொண்டதற்கு நன்றி. எனக்கு ஜாவா பேக்எண்டில் ஐந்து வருஷ அனுபவம், புனேயில் இருக்கிறேன். கம்பெனி பெயர், வேலை விவரம், சம்பள வரம்பு (ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு), கம்பெனியின் நேரடிப் பேரோலா கான்ட்ராக்டா என்பதை அனுப்புங்கள். பொருத்தமாக இருந்தால் அன்றைக்கே ரெஸ்யூமே அனுப்புகிறேன். என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் என் ப்ரொஃபைலை எங்கும் சமர்ப்பிக்க வேண்டாம்."

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதே. ஃபிக்ஸட், வேரியபிள் என்று பிரித்துக் கேட்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. 18 லட்சம் சிடிசி என்றால் மாதம் ஒன்றரை லட்சம் வரும் என்று நினைத்துவிடுவோம். அதில் 10 சதவீதம் வேரியபிள் இருந்து, பேசிக் பாதியாக இருந்தால், வேரியபிள் 1,80,000, கம்பெனி கட்டும் பிஎஃப் 1,08,000, கிராஜுவிட்டி 43,000 சொச்சம் எல்லாம் அந்தப் பதினெட்டுக்குள்ளேதான் அடக்கம். மிச்சம் மாதத்துக்கு ஒரு லட்சத்து 22 ஆயிரம், அதிலும் உன் பங்கு பிஎஃப், வருமான வரி இன்னும் கழியவில்லை.

இனி அவர்கள் பதிலைப் பார். வேலை விவரமும் ஒரு வரம்பும் வந்தால் உண்மையான ஆள், மேலே பேசு. "பெயர் இப்போது சொல்ல முடியாது, ஆனால் பட்ஜெட் இது, வேலை இது, உங்கள் ரெஸ்யூமேயை ஏற்றும் முன் பெயர் சொல்கிறேன்" என்றாலும் பரவாயில்லை, அது நேர்மையான பதில்தான். "ஸ்கை இஸ் நாட் எ லிமிட் ஃபார் த ரைட் கேண்டிடேட்", "முதலில் சிவி அனுப்புங்கள், கால் பண்ணுகிறேன்" என்று அதையே திருப்பிச் சொன்னால் விட்டுவிடு, இன்னொரு பதில்கூட வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், லேப்டாப் டெபாசிட் என்று எதற்காவது காசு கேட்டால் நம்பரை ப்ளாக் பண்ணு.

இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று விடாமல் கேட்டால், "வரம்பு பொருந்துகிறதா என்று தெரிந்த பிறகு சொல்கிறேன்" என்று சொல். கூட்டிச் சொல்லாதே மட்டும், ஆஃபர் நேரத்தில் மூன்று மாதப் பேஸ்லிப் கேட்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வாய்.

அப்புறம் உன் ரெஸ்யூமேயில் இன்னும் அப்பா பெயர், பிறந்த தேதி, நம் வீட்டு முகவரி எல்லாம் கீழே இருக்கிறது, காலேஜில் செய்த அதே ஃபைல். அதையெல்லாம் எடுத்துவிட்டு பிடிஎஃப்பாக ஒன்று செய்து எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைக்கிறேன். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் அப்படியே அனுப்பு, பழைய தொழில், ஆர்வம் விடமாட்டேன் என்கிறது.

அம்மா