கால் பருமன் எல்லாம் சாப்பாட்டால் வருவதில்லை

ஐயா,

கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கும் என் அண்ணிக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் ஒரே அளவில் பருத்திருக்கின்றன. பாதம் மட்டும் ஒல்லி. கொலுசு போடும் இடத்தில் சதை வளையமாக மடிந்து நிற்கும். லேசாக இடித்தாலே வலி, நீலம் பாரிக்கும். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் இது கூடியது.

மருத்துவமனையில் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தார். முகமும் தோளும் வற்றின, கால் அப்படியேதான். அப்புறம் யானைக்கால் என்று மாத்திரை வேறு!

கோவையில் ஒரு மருத்துவர்தான் இது லிப்பெடீமா என்றார். பெரும்பாலும் பெண்களுக்கு வரும் கொழுப்புத் திசுக் கோளாறு இது. 1940-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்துவிட்டார்களாம். அவர் செய்த சோதனை எளிது: பாதத்தின் மேற்புறம், இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கினார். தோல் எழும்பியது. யானைக்காலில் பாதமும் வீங்குவதால் பெரும்பாலும் எழும்பாது. நாள்பட்டால் நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்ளலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அளவெடுத்துத் தைத்த இறுக்கக் காலுறை போட்ட பின் அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது, பருமன் குறையவில்லை. உடல் எடை ஏறாமல் பார்ப்பதும் தேவைதான். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு எங்களிடம் வசதியில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வரும் ஊழியர்களுக்கு இந்த விரல் சோதனையைக் கற்றுத்தரலாமே?

– ஒரு வாசகி, நீலகிரி